முதுகுக்கு எம்.ஆர்.ஐ எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? அந்த இருபது நிமிடத்தில் உள்ளே நடப்பது

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஸ்கேன் சென்டர் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் முதுகுக்காக வந்திருப்பார்கள். "ஜவ்வு விலகியிருக்குன்னு சொன்னாங்க, எம்.ஆர்.ஐ எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்பார்கள். அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "இதுல கதிர் எதுவும் படாதுங்களா?"

படாது. எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் உடம்பை ஊடுருவிப் போகும் கதிர் இதில் கிடையாது. இதோடு பதிலை முடித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கதிர் இல்லை என்றால் படம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான், "அசையாதீங்க" என்று ஏன் அத்தனை முறை சொல்கிறார்கள், அரைஞாண் கொடியை ஏன் கழற்றச் சொல்கிறார்கள், அந்த டக் டக் சத்தம் எதற்கு என்பதெல்லாம் பிடிபடும்.

பேச்சுக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் பெட்டி தூக்குபவர், வயது நாற்பத்தைந்து. இரண்டு மாதமாக வலது இடுப்பில் தொடங்கும் வலி தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகக் கால் கட்டைவிரல் வரை மின்னல் மாதிரி இறங்குகிறது. கட்டைவிரலை மேலே தூக்கினால் பலம் குறைவாக இருக்கிறது. டாக்டர் பரிசோதித்துவிட்டு இடுப்புத் தண்டுவட எம்.ஆர்.ஐ எழுதிக் கொடுக்கிறார். இவரோடு நாமும் உள்ளே போவோம்.

படம் எடுப்பது உங்கள் உடம்பில் உள்ள தண்ணீரை

அந்தக் குழாய் வடிவ இயந்திரம் ஒரு பெரிய காந்தம். பெரும்பாலான சென்டர்களில் இருப்பது 1.5 டெஸ்லா. நம் ஊரில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப்புலத்தைவிட இது 35,000 மடங்குக்கும் அதிகம். நயோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே இருப்பதில்லை. ஒருமுறை செலுத்திய மின்சாரம் வெளியிலிருந்து எதுவும் கொடுக்காமலே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் கரண்ட் போனால் ஸ்கேன் நிற்கும், விளக்கு அணையும், காந்தம் மட்டும் அணையாது. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். மீதியில் கொழுப்பும் கணிசம். இரண்டிலும் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் கரு என்பது ஒரே ஒரு புரோட்டான். அந்தப் புரோட்டான் ஒவ்வொன்றுக்கும் மிகச் சிறிய காந்தத்தன்மை உண்டு. வெளியில் நடமாடும்போது அவை ஆளுக்கொரு திசையில் இருப்பதால் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். காந்தத்துக்குள் படுத்ததும் இந்தச் சமநிலை லேசாகக் குலைகிறது. காந்தப்புலத்தின் திசையில் நிற்பவை, எதிர்த்திசையில் நிற்பவற்றைவிடக் கொஞ்சம் கூடிவிடுகின்றன.

எவ்வளவு கொஞ்சம்? பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ ஐந்து. எம்.ஆர்.ஐ முழுக்க நிற்பது இந்த ஐந்தின் மேல்தான். ஆனால் ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீரிலேயே இப்படிக் கூடுதலாக நிற்பவை மூன்று கோடி கோடி வரும். அதனால்தான் அவற்றின் ஒட்டுமொத்தக் காந்தத்தை ஒரு கருவியால் உணர முடிகிறது.

இந்தப் புரோட்டான்கள் காந்தத் திசையைச் சுற்றிச் சாய்வாகச் சுழலும் தன்மை கொண்டவை. சுழலும் வேகம் காந்தத்தின் வலிமையைப் பொறுத்தது. ஒரு டெஸ்லாவுக்கு நொடிக்கு 4.258 கோடி முறை. 1.5 டெஸ்லாவில் 6.387 கோடி முறை, அதாவது 63.87 மெகாஹெர்ட்ஸ். வானொலியின் எஃப்.எம் வரிசை 88 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. இது அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஒரு வானொலி அலை, அவ்வளவுதான்.

இடுப்பைச் சுற்றியுள்ள ஆண்டெனாக்களிலிருந்து சரியாக இந்த அலைவரிசையில் ஒரு வானொலித் துடிப்பு வருகிறது. அதே வேகத்தில் சுழலும் புரோட்டான்கள் அதை வாங்கிக்கொண்டு சாய்கின்றன, எல்லாம் ஒரே தாளத்தில் சுழலத் தொடங்குகின்றன. துடிப்பை நிறுத்தியதும் அந்தச் சுழலும் காந்தம் ஆண்டெனாவில் ஒரு மிக மெல்லிய மின் அலையைத் தூண்டுகிறது. இயந்திரம் கேட்பது அதைத்தான். எக்ஸ்ரேயில் கதிர் உங்கள் உடம்பைக் கடந்து மறுபக்கம் வந்து நிழல் பதிக்கிறது. இங்கே எதுவும் கடந்து வந்து படம் பதிப்பதில்லை. உங்கள் உடம்பின் தண்ணீரே பதில் அனுப்புகிறது.

வானொலி அலையும் ஒருவகைக் கதிர்வீச்சுதானே என்று கேட்டால், ஆமாம். பயப்பட வேண்டிய கதிர் எது என்பதில்தான் விஷயம். ஒரு எக்ஸ்ரே துகளின் ஆற்றல், இந்த வானொலித் துகளின் ஆற்றலைவிடப் பத்தாயிரம் கோடி மடங்குக்கும் அதிகம். மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, டி.என்.ஏ.வை உடைக்கும் வலு எக்ஸ்ரேக்கு இருக்கிறது. இந்த அலைக்கு அதன் பக்கத்தில்கூட வர முடியாது. இது செய்யக்கூடியது ஒன்றுதான்: உடம்பை லேசாகச் சூடாக்குவது. அந்தச் சூட்டுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. வழக்கமான ஸ்கேனில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 வாட்டைத் தாண்டக் கூடாது. ஸ்கேனுக்கு முன் உங்கள் எடையைக் கேட்டு கம்ப்யூட்டரில் பதிவது இந்தக் கணக்குக்காகத்தான். அதனால் எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த இடத்திலிருந்து பதில் வருகிறது என்று எப்படித் தெரிகிறது?

எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பகுதி இது. 63.87 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் நாலரை மீட்டருக்கு மேல். அத்தனை நீள அலையை வைத்து ஒரு மில்லிமீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கவே முடியாது என்றுதான் தோன்றும். இதற்கு வழி கண்டுபிடித்தவர் அமெரிக்க வேதியியலாளர் பால் லாட்டர்பர். அவரது கட்டுரை 1973இல் வெளியானது. அந்த முறையைக் கணித ரீதியாக வளர்த்து வேகப்படுத்திய இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் அவரும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

லாட்டர்பரின் யோசனை எளிமையானது. காந்தப்புலத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைக்காமல், வேண்டுமென்றே ஒரு பக்கம் கொஞ்சம் கூட்டி, மறுபக்கம் கொஞ்சம் குறைத்தால் என்ன? நம் மண்டித் தொழிலாளியின் இடுப்பின் மையத்தில் 1.5 டெஸ்லா இருக்கட்டும். அங்கிருந்து தலைப் பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளி 1.501 டெஸ்லா ஆக்கிவிடுவோம். அங்குள்ள புரோட்டான்கள் மையத்தில் உள்ளவற்றைவிட நொடிக்கு 42,580 முறை அதிகமாகச் சுழலும். கால் பக்கம் 10 சென்டிமீட்டரில் அதே அளவு குறைவாகச் சுழலும். இப்போது அலைவரிசையே முகவரி ஆகிவிட்டது. இன்ன அலைவரிசையில் வந்தால் இன்ன இடம்.

எல்லாப் பதிலும் கலந்து ஒரே அலையாகத்தான் ஆண்டெனாவுக்கு வரும். அதைப் பிரிப்பது கம்ப்யூட்டரின் வேலை. திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாக ஒலிக்கும்போது நம் காது இரண்டையும் தனித்தனியாகக் கண்டுகொள்வது போல, ஃபூரியே மாற்றம் என்ற கணித முறை கலந்த அலையை அலைவரிசை வாரியாகப் பிரித்து, எதில் எவ்வளவு வலு என்று சொல்லிவிடுகிறது.

காந்தப்புலத்தை இப்படிச் சாய்க்க, குழாயின் சுவருக்குள் மூன்று திசைக்கும் தனித்தனிக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. கிரேடியன்ட் சுருள்கள் என்று பெயர். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை இவற்றில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பலமுறை ஏற்றி இறக்குகிறார்கள். அவ்வளவு வலுவான காந்தத்துக்குள் மின்சாரம் ஓடும் கம்பி என்றால் அதன்மேல் பெரிய விசை விழும். கம்பி தன் கூட்டோடு சேர்ந்து அதிர்கிறது. நீங்கள் கேட்கும் டக் டக், ட்ர்ர்ர், பீப் சத்தம் எல்லாம் இதுதான். எதுவும் சுற்றவில்லை, எதுவும் உங்கள்மேல் மோதப் போவதில்லை. சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும், அதனால் காதடைப்பான் கொடுப்பார்கள். அதை நன்றாக உள்ளே தள்ளி மாட்டுங்கள். சும்மா காதோரம் செருகி வைத்தால் பலனில்லை. சத்தத்தின் தாளம் மாறினால் அடுத்த வகைப் படம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நடுவே சத்தம் நின்றால் முடிந்துவிட்டது என்று நினைத்து எழ முயல வேண்டாம், அடுத்ததற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

ஒரு படத்துக்கு 256 கேள்விகள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அசையக் கூடாது என்பதன் காரணம் இதில்தான் இருக்கிறது.

முதுகை நெட்டுவாக்கில், நாலு மில்லிமீட்டர் தடிமனுள்ள பதினைந்து துண்டங்களாகப் படம் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். கத்தி எதுவும் இல்லை. வானொலித் துடிப்பு கொடுக்கும் நேரத்தில் வலமிருந்து இடமாகக் காந்தத்தைச் சாய்த்து வைத்தால், துடிப்பின் அலைவரிசைக்குப் பொருந்தும் ஒரு மெல்லிய தகடு மட்டும் சாயும். மற்ற இடம் சும்மா இருக்கும். அப்புறம் அந்தத் தகட்டுக்குள் ஒரு திசையில் எது எங்கே என்பதை, மேலே சொன்னபடி, கேட்கும்போது அலைவரிசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

மிச்சம் இருப்பது இன்னொரு திசை. அதையும் அதே நேரத்தில் அலைவரிசையாக மாற்றினால் இரண்டு முகவரியும் குழம்பிவிடும். அதனால் ஒவ்வொரு முறை கேட்பதற்குச் சற்று முன்னும், அந்த இரண்டாவது திசையில் காந்தத்தை ஒரு கணம் சாய்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அந்தக் கணத்தில் ஒரு ஓரத்திலுள்ள புரோட்டான்கள் கொஞ்சம் முந்துகின்றன, மறு ஓரத்தில் உள்ளவை பின்தங்குகின்றன. அடுத்த முறை சாய்வை இன்னும் கொஞ்சம் கூட்டி மறுபடி கேட்பது. இப்படி 256 வெவ்வேறு அளவுகளில் 256 முறை கேட்டால்தான் ஒரு படம். குறைவான சாய்வில் கேட்கும்போது உடம்பின் பெரிய பகுதிகளின் வெளிச்சமும் இருட்டும் வருகிறது. அதிகச் சாய்வில் கேட்கும்போது ஜவ்வின் ஓரம், நரம்பின் விளிம்பு போன்ற நுணுக்கங்கள் வருகின்றன. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் திரையில் முதுகெலும்பு தெரியும்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒருமுறை சாய்த்த புரோட்டான்கள் போதிய அளவு பழைய நிலைக்குத் திரும்ப, சுமார் 3 நொடி விட்டுவிட்டுத்தான் அதே துண்டத்தை மறுபடி தட்ட முடியும். ஒரு தட்டுக்கு ஒரு கேள்வி என்றால் 256 தடவைக்கு 12 நிமிடம் 48 நொடி ஆகும். இப்போதைய முறையில் ஒரு தட்டுக்கு 16 எதிரொலிகளை, அதாவது 16 கேள்விகளுக்கான பதில்களை, வரிசையாக வாங்குகிறார்கள், 48 நொடி போதும். பதில் மிக மெல்லியது என்பதால் அதையே நாலு முறை திருப்பி எடுத்துச் சராசரி போட்டால் 3 நிமிடம் 12 நொடி. ஒரு துண்டம் ஓய்வெடுக்கும் அந்த 3 நொடிக்குள் மற்ற துண்டங்களைத் தட்டிவிடுவதால் பதினைந்து துண்டங்களும் அதே நேரத்துக்குள் முடிகின்றன. இப்படி ஐந்தாறு வகைப் படம் எடுக்க வேண்டும். இருபது நிமிடம் அப்படித்தான் ஆகிறது.

இப்போது விளங்கும். இது கேமராவில் எடுக்கும் போட்டோ இல்லை. போட்டோவில் ஒரு கை அசைந்தால் கை மட்டும் கலங்கும். இங்கே ஒவ்வொரு கேள்விக்கும் வரும் பதில் முழுப் படத்துக்கும் சேர்ந்தது. இரண்டாவது நிமிடத்தில் நீங்கள் இருமினாலோ, இடுப்பை அரை சென்டிமீட்டர் நகர்த்தினாலோ, அப்போது வந்த பதில்கள் முன்பு வந்தவற்றோடு ஒட்டாது. முடிவில் முழுப் படமும் மங்கும். முதுகின் விளிம்பு இரண்டு மூன்றாகப் பேய் நிழல் மாதிரி அடுக்கிக்கொண்டு தெரியும். நரம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல் விழுந்தால் அந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மறுபடி மூன்று நிமிடம்.

மூச்சு விடுவதும் குடல் அசைவதும் நம் கையில் இல்லை. அதற்கு ஏற்பாடு உண்டு. பேய் நிழல் விழும் திசையை முன்கூட்டியே தெரிந்து, அது முதுகுமேல் விழாதபடி திருப்பி வைப்பார்கள். வயிற்றுப் பக்கத்தை முன்னதாகவே தனியாக ஒரு துடிப்பால் தட்டி, அது பதில் சொல்லாதபடி செய்துவிடுவார்கள். அதனால் சாதாரணமாக மூச்சு விடுங்கள், மூச்சைப் பிடித்து வைக்க வேண்டாம். வலியோடு நேராகப் படுக்க முடியாது என்றால், உள்ளே போன பிறகு நெளிவதற்குப் பதில் படுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் இடுப்பு வலி பெரும்பாலும் அடங்கும். எச்சில் விழுங்குவது, கண்ணை மூடித் திறப்பது எல்லாம் முதுகுப் படத்தைக் கெடுக்காது.

ஜவ்வு கறுத்திருக்கிறது என்றால்

தண்ணீர் எவ்வளவு என்பதை மட்டும் காட்டினால் எல்லா மென்திசுவும் ஒரே சாம்பல் நிறத்தில்தான் தெரியும். எம்.ஆர்.ஐயின் உண்மையான பலம், தண்ணீர் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டுவதில் இருக்கிறது.

தட்டிவிட்டபின் ஒரே தாளத்தில் சுழலும் புரோட்டான்கள் நேரம் ஆக ஆகத் தாளம் தப்பும், பதில் மங்கும். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் மாதிரி தாராளமாக அசையும் தண்ணீரில் தாளம் நெடுநேரம் நிற்கும். தசைக்குள் கட்டுண்ட தண்ணீரில் சீக்கிரம் கலைந்துவிடும். தட்டி 100 மில்லிநொடி கழித்துக் கேட்டால், தண்டுவட நீரின் பதிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அப்படியே இருக்கும், தசையின் பதிலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இப்படித் தாமதித்துக் கேட்டு எடுத்த படத்தை டி2 படம் என்பார்கள். அதில் தண்ணீர் பளிச்சென்று வெள்ளை.

நல்ல ஜவ்வின் நடுப்பகுதியில் நீர் நிறைய இருக்கும், டி2 படத்தில் வெளிச்சமாகத் தெரியும். வயதானாலும் தேய்ந்தாலும் நீர் வற்றிக் கறுக்கும். நம் மண்டித் தொழிலாளியின் படத்தில் நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு கறுத்திருக்கிறது. அதன் பின்புறம் வலப் பக்கமாகப் பிதுங்கி, வெள்ளை நீருக்கு நடுவே போக வேண்டிய வலது ஐந்தாம் இடுப்பு நரம்பை அழுத்துகிறது. அந்த நரம்புதான் காலின் வெளிப்பக்கம் வழியாகக் கட்டைவிரல் பக்கம் வருவது, கட்டைவிரலைத் தூக்கும் தசைக்குக் கட்டளை கொண்டுபோவதும் அதுதான். அவர் சொன்ன வலியும், டாக்டர் பார்த்த பலக்குறைவும், படத்திலுள்ள பிதுக்கமும் ஒரே பக்கம், ஒரே நரம்பு. இப்படிப் பொருந்தினால்தான் அந்தப் பிதுக்கத்தைக் காரணம் என்று சொல்லலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் 'டிஸ்க் பல்ஜ்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன்தான் என்று முடிவுகட்டி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு முப்பது பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. எண்பது வயதில் எண்பத்து நாலு பேருக்கு. நரை விழுவது போலத்தான் பலருக்கு இது. இடது காலில் வலி, ஸ்கேனில் வலப் பக்கப் பிதுக்கம் என்றால் அந்தப் பிதுக்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கே வலி, எதுவரை இறங்குகிறது, எந்தப் பக்கம் என்பதை டெக்னீஷியனிடமும் சொல்லுங்கள். படத்தைப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட்டுக்கு அது போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு வகைப் படம் ஸ்டிர் என்பது. கொழுப்பின் பதில் பூஜ்யமாகும் கணம் பார்த்துக் கேட்பது. கொழுப்பு கறுத்துவிட்டால் எலும்புக்குள் வீக்கம், சீழ், முதுகெலும்புக் காசநோய் இருந்தால் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு தெரியும். காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்த முதுகுவலிக்கு இது மிக முக்கியம்.

தாலி, ஊக்கு, அரைஞாண் கொடி

காந்தம் எப்போதும் உயிரோடு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், உறவினருக்காக ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் நுழைந்தவரைச் சிலிண்டரோடு காந்தம் இழுத்து, அவர் இறந்துபோனார். அறைக்கு வெளியே நிற்கும் உறவினர்களுக்கும் இதனால்தான் கட்டுப்பாடு. நோயாளி கூப்பிட்டாலும் கேட்காமல் உள்ளே ஓடக் கூடாது.

புடவையிலும் ரவிக்கையிலும் குத்திய ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் இரும்பு. இவை பறக்கும். தங்கத் தாலியும் வெள்ளி மெட்டியும் பறக்காது, ஆனால் அவை மின்சாரம் கடத்தும். வானொலித் துடிப்பு அவற்றில் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்கலாம், சுற்றியுள்ள படத்தையும் கெடுக்கும். இடுப்பு ஸ்கேனில் வெள்ளி அரைஞாண் கொடி சரியாகப் படம் எடுக்கும் இடத்திலேயே ஒரு முழு வளையமாகக் கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு படுக்கவே கூடாது. தாயத்துக்குள் என்ன தகடு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது, அதுவும் வெளியே. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் வீட்டிலிருந்தே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் வாசலில் நின்று கலங்க வேண்டியதில்லை.

வளையம் என்பது நகையால் மட்டும் ஆவதில்லை. இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டால், கால்மேல் கால் போட்டால், உடம்பே ஒரு மின் வளையமாகித் தோல் தோலைத் தொடும் இடத்தில் சுடலாம். கைகளை இரு பக்கமும் விட்டு வையுங்கள். லேசான வெதுவெதுப்பு இயல்பு. ஒரே இடத்தில் சுருக்கென்று சுட்டால் கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தை உடனே அழுத்துங்கள். பயம் வந்தாலும் அழுத்தலாம், அதற்குத்தான் அது.

கிரானைட் அறுக்கும் பட்டறையிலோ, ஓசூர் பக்கம் கிரைண்டிங், வெல்டிங் வேலையிலோ இருந்தவர்கள் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் தெறித்து டாக்டரிடம் போனதுண்டா? கண்ணுக்குள் தங்கிய சிறு துணுக்கைக் காந்தம் நகர்த்தினால் பார்வை போகலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவார்கள். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாய் கிளிப், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி இருந்தால் அதன் அட்டையைக் கொண்டு வாருங்கள். சிலவற்றோடு எடுக்கலாம், சிலவற்றோடு கூடவே கூடாது, அட்டை பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. எலும்பு முறிவுக்கு வைத்த டைட்டானியம் பிளேட் பொதுவாகப் பிரச்சினை செய்யாது, அதைச் சுற்றி மட்டும் படம் கறுத்துக் கோணலாகும்.

நம் மாவட்டங்களில் எம்.ஆர்.ஐ மட்டும் போதாத ஒரு நோய்

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதைத் தாண்டிய ஊர்கள் இங்கே நிறைய இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே, ஃபுளோரைடால் வரும் ஃபுளோரோசிஸ் நோயைக் குறைக்கும் திட்டமாகவும் வந்து, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் பல வருடம் கிணற்றுத் தண்ணீரையே குடித்தவர்களின் எலும்பில் ஃபுளோரைடு தங்கிவிட்டது. பல்லில் பழுப்புக் கறையோடு நிற்காமல், சிலருக்கு எலும்பு கெட்டித்து, முள்ளெலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, தண்டுவடத்தை நசுக்கும் அளவுக்குப் போகும்.

இங்கேதான் எம்.ஆர்.ஐயின் எல்லை தெரிகிறது. கெட்டி எலும்பிலும் சுண்ணாம்பு படிந்த இடத்திலும் ஹைட்ரஜன் கொஞ்சம். இருப்பதும் ஒரு மில்லிநொடிக்குள் தாளம் தப்பி அடங்கிவிடுகிறது. நாம் கேட்கத் தொடங்கும்போது பதில் சொல்ல ஆளில்லை. அதனால் எல்லா வகைப் படத்திலும் அது கறுப்பாகவே இருக்கும். இயல்பான தசைநாரும் கறுப்புதான். இரண்டும் கறுப்பு என்றால் சுண்ணாம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு தடிமன் என்பதைப் பிரிப்பது கஷ்டம். தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா, உள்ளே காயம் பட்டிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ அழகாகக் காட்டும். நசுக்குவது வெறும் ஜவ்வா, கல்லாகிப்போன தசைநாரா என்பதைக் கதிர் பயன்படுத்தும் சி.டி.தான் தெளிவாகச் சொல்லும், ஏனென்றால் கால்சியம் எக்ஸ்ரேயைத் தடுத்து வெள்ளையாகத் தெரியும்.

ஆகவே ஃபுளோரைடு பகுதியில் வளர்ந்தவர், கழுத்தையும் இடுப்பையும் குனிய நிமிர முடியாமல் விறைத்துப்போனவர் என்றால், எம்.ஆர்.ஐ எடுத்த பிறகும் எக்ஸ்ரேயோ சி.டி.யோ கேட்பார்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு தரம் காசு பிடுங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபரேஷன் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு தூரம் என்பது அந்தச் சுண்ணாம்பைப் பொறுத்தே முடிவாகும். இடுப்பு சி.டி.யின் கதிர் அளவு பொதுவாக 6 மில்லிசீவர்ட் அளவில் இருக்கும், இயற்கையாகவே நம்மேல் இரண்டு வருடத்தில் படும் கதிரின் அளவு. எம்.ஆர்.ஐ படம் கையில் இருந்தால் முதுகு முழுவதற்கும் சி.டி. எடுக்காமல், சந்தேகப்பட்ட முள்ளெலும்புகளை மட்டும் எடுக்கச் சொல்ல டாக்டரால் முடியும். எம்.ஆர்.ஐ ஃபிலிமையும் அதோடு கொடுத்த குறுந்தகட்டையும் சி.டி. ஸ்கேன் எடுக்கப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள். சிறுவயதில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும், கேட்காவிட்டாலும், சொல்லிவிடுங்கள்.